நாலு நாள் லேட்டான மனோகரம்

"தம்பி, சிக்கு வாடை அடிக்குது."

காரைக்குடியில் பலகாரம் செய்து கூரியரில் அனுப்பி விற்கிறேன். மனோகரம் வாங்கிய கோயம்புத்தூர் ஆச்சி போனை வைத்ததும் டிராக்கிங்கைப் பார்த்தேன். 'கதவு பூட்டியிருந்தது' என்று பதிவு. நேரம் இரவு 10.52. ஆச்சி நாள் முழுக்க வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி இந்த வரி அங்கே எத்தனை நாள் இருக்குமோ என்னவோ.

காரைக்குடி கூரியர் கவுன்ட்டரில் கத்திப் பயனில்லை, பாவம் அந்தப் பையன். பழைய ரசீதுகளைக் கொட்டி, கோடு போட்ட நோட்டில் எழுதினேன்: ரசீது எண், புக் செய்த நாள், சொன்ன நாள், சேர்ந்த நாள், டிராக்கிங் சொன்ன காரணம், எனக்கு ஆன நஷ்டம்.

ஆறு வாரத்தில் 9 தாமதம். இரண்டில் நான் எழுதிய கதவு எண்ணே தப்பு. அடித்துவிட்டேன். அதை விட்டுவைத்தால் மற்ற ஏழு தாமதத்தையும் நம்ப மாட்டார்கள்.

கூரியரின் தலைமை அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம். ஏழுக்கும் கூரியர் கட்டணம் 840, இரண்டு பேருக்குத் திருப்பிக் கொடுத்த 1,300, மொத்தம் 2,140 ரூபாய். 15 நாளில் பதில் வேண்டும். 'மன உளைச்சல்' என்று ஒரு தொகை போடச் சொன்னான் மச்சான். போடவில்லை. அதற்கு என்னிடம் ரசீது இல்லை.

ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறது. அதைக் காட்டுவார்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்யும் என்னையும் நுகர்வோராகவே பார்க்க வேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறேன்.

ஆச்சிக்குப் புது மனோகரம் நாளைக்குப் போகிறது. பஸ்ஸில்.