அம்மி கொத்திய உள்ளங்கால்: ஷூ நாற்றம் போன கதை

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஷிப்டு எட்டரை மணி நேரம், கம்பெனிப் பேருந்தில் போக வர மூன்று மணி நேரம் என்று ஒரு நாளில் பதினொன்றரை மணி நேரம், முனையில் இரும்புக் கவசம் வைத்த சேஃப்டி ஷூ என் காலில் இருக்கும். நாற்றம் எப்போது தொடங்கியது என்று எனக்கே தெரியாது. தன் கால் நாற்றம் தன் மூக்குக்குப் பழகிவிடும். உடன் வேலை செய்யும் நண்பரின் புதுமனைப் புகுவிழாவுக்கு ஷிப்டு முடிந்து நேராகப் போய், வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்தபோது, அருகில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஜன்னலோரம் போய் அமர்ந்தார். அன்றிரவுதான் இதற்கு ஒரு வழி பார்த்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் நான்கு மாதங்கள் நான் செய்தவை எல்லாம் தவறான திசையில் இருந்தன. ஷூவுக்குள் முகப்பவுடரைக் கொட்டினேன். அது வியர்வையில் குழைந்து, விரல் பக்கம் மாவு போல ஒட்டிக்கொண்டது. வாசனைத் திரவியம் அடித்தேன். பழைய நாற்றத்தின் மேல் மல்லிகை மணம் ஏறியதே தவிர வேறு பயனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூவைச் சோப்புப் போட்டுத் துவைத்து மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். மேல் தோல் விறைத்து வெடித்தது, அடிப்பாகத்தின் பசை ஒரு ஓரத்தில் விட்டது, ஆனால் திங்கட்கிழமை காலையில் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் இரும்புக் கவசத்துக்கு அடியில் இன்னும் ஈரம் இருந்தது. "துவைச்சா மட்டும் போதுங்களா, காயணுமே" என்றாள் என் மனைவி. அப்போது அதை நான் காதில் வாங்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டதற்குப் படைக்குக் கொடுக்கும் களிம்பு ஒன்றைத் தந்தார்கள். அதில் ஸ்டீராய்டும் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாரம் பூசியும் நாற்றம் அப்படியே இருந்தது.

திருப்பம் ஒரு வாளித் தண்ணீரில் கிடைத்தது. வலித்த குதிகாலுக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீரில் கால் மணி நேரம் காலை வைத்திருந்துவிட்டு எடுத்துப் பார்த்தபோது, குதிகாலிலும் விரல்களுக்குக் கீழே நடக்கையில் அழுந்தும் மேட்டிலும் தோல் வெளுத்து, அதில் குண்டூசித் தலை அளவில் சின்னச் சின்னப் பள்ளங்கள் நெருக்கமாகத் தெரிந்தன. புதிதாக அம்மி கொத்தினால் கல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சில இடங்களில் பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கரை ஒழுங்கற்ற மேலோட்டமான குழியாக இருந்தன. அரிப்பு இல்லை, அதனால்தான் இத்தனை நாளும் கவனிக்கவில்லை. கால் காய்ந்ததும் பள்ளங்கள் பாதிக்கு மேல் கண்ணுக்கு மறைந்துவிட்டன.

மறுநாள் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் காலைத் திருப்பிப் பார்த்த அரை நிமிடத்திலேயே, "இது பூஞ்சை இல்லைங்க, பாக்டீரியா. ஷூ போட்டுக்கிட்டு நாள் முழுக்க நிக்கிறவங்களுக்கு வர்றதுதான்" என்றார். இதன் பெயர் பிட்டெட் கெரட்டோலிசிஸ். அவர் விளக்கியதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொன்னால் காரணம் இதுதான்: உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. ஆனால் அது ஆவியாக வழியில்லாமல் மூடிய ஷூவுக்குள் தேங்கும்போது உள்ளங்காலின் தடித்த மேல்தோல் ஊறி மென்மையாகிறது. தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வியர்வையில் உள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலெரிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. புளித்த பாலாடைக்கட்டி போன்ற அந்த வீச்சம் இதனுடையது. அதோடு கைட்டோகாக்கஸ் போன்ற சில வகைகள், ஊறிய தோலின் கெரட்டினையே கரைக்கும் நொதிகளைச் சுரந்து பள்ளம் பறிக்கின்றன. அப்போது கந்தகச் சேர்மங்களும் வெளிப்படுவதால் நாற்றம் இன்னும் கடுமையாகிறது. எல்லாக் கால் நாற்றத்துக்கும் இந்தப் பள்ளங்கள் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் குளித்தும் துவைத்தும் போகாத நாற்றம் என்றால், காலை ஊறவைத்து ஒருமுறை பார்ப்பது நல்லது. விரலிடுக்கில், குறிப்பாகச் சுண்டுவிரல் பக்கம், தோல் வெளுத்து உரிந்து அரித்தால் அது சேற்றுப்புண். அதற்குப் பூஞ்சைக்கொல்லி மருந்து தனியாக வேண்டும்.

மருத்துவர் எழுதித் தந்தவை மூன்று. காலையும் இரவும் பள்ளங்கள் மேல் பூச 1 சதவீத கிளிண்டாமைசின் ஜெல், மாலையில் கால் கழுவ பென்சாயில் பெராக்சைடு கலந்த வாஷ், இரவில் வியர்வையைக் குறைக்க 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல். "மருந்து நாலு வாரத்துல வேலை செஞ்சிடும். ஷூ ஈரமாவே இருந்தா அஞ்சாவது வாரம் திரும்ப வருவீங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் என் மனைவி சொன்னது உறைத்தது.

என் ஷூ உண்மையில் காய்கிறதா என்று பார்க்க, உள்ளே போடும் இன்சோலைச் சமையலறைத் தராசில், பாலித்தீன் உறை ஒன்றை விரித்து அதன்மேல் வைத்து நிறுத்தேன். வீட்டில் இதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. நன்றாகக் காய்ந்த நிலையில் ஒரு இன்சோல் 58 கிராம் இருந்தது. மாலையில் வீடு திரும்பியதும் 67 கிராம். ஷூவுக்குள்ளேயே விட்டு மறுநாள் காலை ஐந்து மணிக்கு எடுத்துப் பார்த்தால் 63 கிராம். ஏறிய ஈரத்தில் பாதியளவு அப்படியே இருக்க, அதன் மேல்தான் நான் தினமும் காலை வைத்துக்கொண்டிருந்தேன். அன்று அதை வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் வைத்தும், பழைய காய்ந்த எடைக்குத் திரும்ப மாலையாகிவிட்டது. ஆகவே ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாட்களில் போடும் வரைக்கும் எந்த மருந்தும் நிற்காது என்பது எனக்குத் தெளிவானது. இரண்டாவது ஜோடி ஷூ வாங்கினேன், பழைய இன்சோல்களைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியவை போட்டேன், இரண்டு ஜோடிகளின் நாக்கிலும் ஒற்றை நாள், இரட்டை நாள் என்று பேனாவால் குறித்துவைத்தேன்.

இன்று வரை நடக்கும் ஒழுங்கு இதுதான். மாலையில் வந்ததும் ஷூவின் கயிற்றை முழுதும் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்து, இன்சோலை உருவித் தனியே சாய்த்துவைத்து, ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கிறேன். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் நமத்துப்போயிருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைத்து, நிழலில் காற்றோட்டமாக விடுகிறேன். அடுத்து, வாஷைப் பாதத்தில் தடவி இரண்டு நிமிடம் விட்டுக் கழுவுகிறேன். ஒரு எச்சரிக்கை: பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும். முதல் வாரத்தில் வீட்டின் நீலத்துண்டு ஒன்று தேமல் விழுந்தது போல ஆகிவிட்டது. இப்போது பாதத்துக்கென்று ஒரு வெள்ளைத் துண்டு இருக்கிறது. விரலிடுக்கு ஒவ்வொன்றையும் ஒற்றித் துடைத்து, அதன்பின் பத்து நிமிடம் மின்விசிறிக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்கிறேன். செய்தி பார்க்கும் நேரம் அதற்கே சரியாக இருக்கிறது.

அலுமினியம் குளோரைடைப் படுக்கும் முன் பூச வேண்டும், கால் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். தோலில் ஈரம் இருந்தால் அது நீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கி எரியும். மூன்றாம் நாள் அவசரத்தில் பூசி இதை நன்றாகவே அனுபவித்தேன். வெடிப்போ புண்ணோ உள்ள இடத்தில் படக்கூடாது, காலையில் கழுவிவிட வேண்டும். முதல் பத்து நாள் தினமும் பூசினேன். வியர்வை குறைந்த பிறகு வாரம் இரண்டு இரவு போதுமானதாக இருக்கிறது.

சாக்ஸ் விஷயத்தில் என் எண்ணம் மாறியது. பருத்திதான் சிறந்தது என்று நம்பியிருந்தேன். பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் பிடித்துவைத்துக்கொள்ளும், ஷூவுக்குள் அது காயாது. அதற்காக மெல்லிய நைலான் சாக்ஸ் தேவலை என்று சொல்லமாட்டேன். அது உறிஞ்சவே உறிஞ்சாது. தடித்த பருத்திச் சாக்ஸையே போட்டு, சாப்பாட்டு இடைவேளையில் காலைத் துடைத்து வேறு ஜோடி மாற்றுகிறேன். கழற்றியதை ஒரு உறையில் கட்டிவைத்துக் கொண்டுவருகிறேன். முதல் நாள் உணவகத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாக்ஸ் மாற்றியபோது கேலி செய்த இருவரில் ஒருவர், இப்போது அதே படியில் என் பக்கத்தில் உட்கார்கிறார்.

துவைக்கும்போது சாக்ஸை உள்புறம் வெளியே வரும்படி திருப்புவது முக்கியம், ஏனென்றால் உதிர்ந்த தோலும் பாக்டீரியாவும் இருப்பது அந்தப் பக்கம். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் நாற்றம் பாதி தங்கிவிடுகிறது. கொதிக்கும் நீர் ஒரு பங்கும் குழாய் நீர் ஒரு பங்கும் கலந்தால் ஏறத்தாழ 60 டிகிரிக்கு வரும். சலவைத்தூள் போட்டு அதில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு கசக்குகிறோம். ரப்பர் பட்டி சற்று சீக்கிரம் தளரும், அந்த நட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்தில் நாற்றம் பாதி குறைந்தது. பள்ளங்களை வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வாளியில் ஊறவைத்துப் பார்த்துவந்தேன். மூன்றாம் வாரம் குதிகாலில் கரைகள் மழுங்கின, ஐந்தாம் வாரம் தோல் வழவழப்பாக இருந்தது. கிளிண்டாமைசினை மருத்துவர் நான்காம் வாரத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். அதை மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும் என்றார். இதே சீட்டைக் காட்டி மருந்து வாங்க விரும்பிய என் மாமாவை நானே தடுத்தேன். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, பாதத்தில் உணர்ச்சியும் குறைவு. எரிச்சல் தெரியாமல் புண்ணாகிவிடக்கூடும் என்பதால் அவரை மருத்துவரிடமே அழைத்துப் போனேன்.

ஐப்பசி மழையில் ஒருமுறை எல்லாம் குலைந்தது. பேருந்து நிறுத்தத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், இரண்டு நாளில் இரண்டு ஜோடியும் நனைந்துவிட்டன, மூன்றாம் நாள் ஈர ஷூவோடுதான் போனேன். ஆறாம் நாள் சாக்ஸைக் கழற்றும்போது அது உள்ளங்காலில் லேசாக ஒட்டிக்கொண்டு பிசுபிசுத்தது. நாற்றம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே இந்தப் பிசுபிசுப்பு வந்துவிடும் என்பதைக் கண்டுகொண்டது அப்போதுதான். அன்றே வாஷைக் காலையிலும் மாலையிலுமாக இரு வேளை ஆக்கினேன், அலுமினியம் குளோரைடைத் தினமும் பூசத் தொடங்கினேன், நிறுத்தம் வரை ரப்பர் செருப்போடு நடந்து, பேருந்தில் ஏறிய பிறகு ஷூவை மாட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வாளியில் ஊறவைத்துப் பார்த்தபோது இடது குதிகாலில் நான்கைந்து புள்ளிகள் மட்டுமே இருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவையும் இல்லை.