பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: 212 பக்க பில்களின் நாட்குறிப்பு

மார்ச் 3

கொள்முதல் பில்கள் ஒரே பி.டி.எஃப் கோப்பாக வந்து சேர்ந்தன. 212 பக்கம், எல்லாமே ஸ்கேன். பொருள், எண்ணிக்கை, விலை, தொகை என்று எக்செல்லில் வேண்டுமாம். கையால் தட்டச்சு செய்ய மனம் வரவில்லை. முதல் பக்கத்தை ஓ.சி.ஆரில் போட்டு எழுத்தாக எடுத்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வரியில் எண்ணிக்கைக் கட்டம் காலி. அடுத்த கட்டத்து விலை வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

மார்ச் 4

எழுத்தை மட்டும் எடுத்தது தப்பு. ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதும் வேண்டும். டெசராக்ட் என்ற ஓ.சி.ஆர் மென்பொருள் அதையும் தரும்:

```
pdftoppm -r 300 -gray -png bills.pdf p
tesseract p-001.png p-001 --psm 6 tsv
```

வரும் அட்டவணையில் `left`, `width` என்று இரண்டு பத்திகள் உண்டு. பில்லில் எண்களை வலது ஓரம் ஒட்டித்தான் அச்சிடுவார்கள். அதனால் `left` மட்டும் பார்த்தால் 8-க்கும் 1,250-க்கும் இடம் மாறும். இரண்டையும் கூட்டினால் எண்ணின் வலது ஓரம் கிடைக்கும். ஒரு பத்தியில் அது அநேகமாக ஒரே இடம்தான். அதை வைத்துப் பத்தி பிரித்ததும் காலிக் கட்டம் காலியாகவே நின்றது. பக்கம் கோணலாக ஸ்கேன் ஆகியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. அப்படிப்பட்டவற்றை முதலில் நேராக்கிக்கொண்டேன்.

மார்ச் 6

இன்றுதான் உண்மையான வேலை. எந்த எண் தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டெசராக்ட் தரும் நம்பிக்கை மதிப்பெண்ணை முழுதாக நம்பக் கூடாது. தப்பான எண்ணுக்கும் 90-க்கு மேல் போடுகிறது. பில்லுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது: எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் தொகை வரவேண்டும். D எண்ணிக்கை, E விலை, F தொகை.

```
=ABS(D2*E2-F2)<=D2*0.005+0.005
```

வேறுபாடு சுழியமாக இருக்கவேண்டும் என்றுதான் முதலில் எழுதினேன். 144 எண்ணிக்கை, விலை 2.08, தொகை 300.00 என்ற வரி அதைக் கெடுத்தது. பெருக்கினால் 299.52. ஓ.சி.ஆர் சரியாகத்தான் படித்திருந்தது. உண்மையான விலை 2.0833, அச்சில் இரண்டு இலக்கத்தோடு வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் எண்ணிக்கை கூடக்கூட அனுமதிக்கும் வேறுபாடும் கூடும்படி சூத்திரத்தை மாற்றினேன்.

மார்ச் 7

மாட்டிய வரிகளைப் பார்க்கப் பார்க்க, வேறுபாடே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 12 எண்ணிக்கை, விலை 4850, தொகை 582.00. பெருக்கல் சரியாக நூறு மடங்கு அதிகம்: 48.50-இன் புள்ளி காணாமல் போயிருக்கிறது. இன்னொன்றில் 16 எண்ணிக்கை, விலை 215.00, தொகை 1,290.00. பெருக்கினால் 3,440. மிச்சம் 2,150, அதாவது விலையின் பத்து மடங்கு. கட்டத்தின் செங்குத்துக் கோட்டை 1 என்று படித்துவிட்டது, எண்ணிக்கை 6-தான்.

ஒரு பில்லில் எல்லா வரியும் மாட்டியது. தொகை எங்கும் பெருக்கலில் 0.95 பங்கு. கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு ஸ்கேனைத் திறந்தால், ஓரத்தில் மங்கலாகத் தள்ளுபடி 5%!

தொகையை விலையால் வகுத்து எண்ணிக்கையைத் தானாக நிரப்பிவிடலாமா என்று உடன் வேலை செய்யும் அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படி நிரப்பினால் எல்லா வரியும் தேறிவிடும், தப்பு தொகையில் இருந்தால்கூட. திருத்தம் ஸ்கேனைப் பார்த்துத்தான்.

மார்ச் 10

வரிகள் எல்லாம் தேறிய ஒரு பில், கூட்டுத்தொகையில் இடித்தது. பக்கத்தின் அடிவரி ஒன்று விழவே இல்லை. விடுபட்ட வரியைப் பெருக்கல் காட்டாது, கூட்டல்தான் காட்டும். மற்றொரு பில்லில் நேர்மாறு: இரண்டாம் பக்கத்து உச்சியில் இருந்த ‘முன்பக்கத் தொகை’யும் பொருளாகப் பட்டியலில் ஏறிவிட்டது.

மார்ச் 11

எல்லாம் தேறிவிட்டது என்று நினைத்த வேளையில் அக்கா ஒரு பொருளைக் காட்டினார். ஒரு பில்லில் 1 × 540, இன்னொன்றில் 12 × 45. இரண்டும் கணக்கில் சரி. முதலாவது பெட்டி, இரண்டாவது ஒற்றை. ‘அலகு’ என்ற பத்தியை நான் எடுக்கவே இல்லை. நாளைக்கு 212 பக்கத்திலும் அந்தப் பத்தியை மட்டும் திரும்ப ஓட்ட வேண்டும்.