கடன் கமிட்டி பேச்சைச் சுருக்கி எழுதும்போது

கோபி பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் கடன் கமிட்டிக் கூட்டத்துக்குக் குறிப்பெடுத்துச் சுருக்கம் எழுதுவது என் பொறுப்பு. பேச்சு மனு வரிசைப்படி நடக்காது. மஞ்சள் கடனைப் பேசிக்கொண்டிருக்கும்போதே மாட்டுக் கடன் நுழையும், திரும்ப மஞ்சளுக்கு வரும். அதனால் மனுவுக்கு ஒரு தாள் எடுத்து, பெயர், கேட்ட தொகை, எதற்கான கடன், இணைத்த ஆவணம் எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். யார் எப்போது எதைச் சொன்னாலும் அந்தந்தத் தாளில் குறித்துக்கொள்ளலாம்.

போன கூட்டத்தில் மூன்று ஏக்கர் மஞ்சளுக்குப் பயிர்க்கடன் கேட்டு ஒரு மனு வந்தது. அடங்கலில் மஞ்சள் இரண்டு ஏக்கர்தான் பதிவாகியிருந்தது, மீதி தரிசு. பட்டாவோ அண்ணன், தம்பி இருவர் பேரிலும் கூட்டாக இருந்தது.

"நல்ல குடும்பமுங்க, மூணு ஏக்கராவுக்கும் குடுத்துடலாம்" என்றார் ஒரு இயக்குநர்.

"அண்ணங்காரர் கையெழுத்து இல்லாம எப்படிங்க?" என்றார் இன்னொருவர்.

நெடுநேரம் பேசியபின் தலைவர் முடித்தார்: "ரெண்டு ஏக்கராவுக்குப் போடுங்க. அவங்க அண்ணன்கிட்ட சம்மதக் கடுதாசி வாங்கிக்குங்க."

தாளில் நான் எழுதிய முடிவு: இரண்டு ஏக்கருக்கு அனுமதி. காரணம்: அடங்கலில் உள்ள சாகுபடிப் பரப்பு அவ்வளவுதான். "நல்ல குடும்பம்" என்பதைக் காரணத்தில் சேர்க்கவில்லை. கோப்பைப் புரட்டிச் சரிபார்க்க முடிவதுதான் காரணமாக நிற்கும். நாளைக்கு இதே மாதிரிப் பட்டா, அடங்கலோடு வேறொருவர் வந்தால் அவருக்கும் அதே பதில்தானே கிடைக்க வேண்டும்?

நிபந்தனையில்தான் அதிகம் கவனம் வேண்டும். "சம்மதக் கடிதம் பெற வேண்டும்" என்று மட்டும் எழுதினால், பணம் கொடுக்கும் முன்பா, பின்பா என்று பட்டுவாடா செய்பவருக்குத் தெரியாது. தலைவரிடம் அங்கேயே கேட்டு, "கூட்டுப் பட்டாதாரரின் சம்மதக் கடிதத்தைச் செயலாளர் பெற்றுச் சரிபார்த்த பிறகே பட்டுவாடா" என்று எழுதினேன்.

அடுத்தது இரண்டு கறவை மாட்டுக்கான மனு. ஜாமீன் போட்டவருக்கே பழைய கடனில் தவணை தவறிய பாக்கி இருந்தது. "இது வேண்டாமுங்க, விடுங்க" என்று ஒரு குரல் வந்தது. ஆனால் கமிட்டி கடைசியாக ஒப்புக்கொண்டது, வேறு ஜாமீன்தாரரைக் கொண்டுவரட்டும் என்பதைத்தான். அதனால் நிராகரிப்பு என்று எழுதாமல் ஒத்திவைப்பு என்று எழுதினேன். மனுதாரரிடம் குறை எதுவும் இல்லை, குறை ஜாமீனில்தான் என்பதும் காரணத்தில் வந்தது. மனுதாரருக்கு மச்சான் முறையான இயக்குநர் இந்தப் பேச்சின்போது வெளியே போய்விட்டார். அதையும் ஒரு வரி எழுதினேன். பின்னால் தணிக்கையில் கேட்பார்கள்.

எல்லோரும் எழுந்திருக்கும் முன் தாள்களை உரக்கப் படித்துக் காட்டினேன். மாட்டு மனு வந்தபோது, "புது ஜாமீனுக்குக் கெடு போடலையேங்க?" என்று ஒரு இயக்குநர் கேட்டார். அடுத்த கூட்டத்துக்குள் என்று தலைவர் சொன்னதும் சேர்த்துக்கொண்டேன். பிறகுதான் கையெழுத்து வாங்கினேன்.