‘போட்டிச் சம்பளம்’ என்றால் எத்தனை ரிங்கிட்?

பக்கத்து வீட்டுத் தங்கை ஒரு குமாஸ்தா வேலை விளம்பரத்தைக் காட்டி, “நல்ல வேலையா, அண்ணே?” என்று கேட்டாள். சுங்கை சிப்புட்டிலேயே வேலை. ‘செல்ஃப் ஸ்டார்ட்டர் தேவை, ஃபாஸ்ட் பேஸ்ட் சூழல், காம்பெட்டிட்டிவ் சம்பளம்.’ தொகையை மட்டும் காணோம்.

நல்ல தொகை தருகிறவர் அதைப் பெரிய எழுத்தில் போடுவார். மறைத்தால் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்தான், அல்லது அதற்குச் சற்று மேல். அந்த 1,700 அடிப்படைச் சம்பளமாகவே இருக்க வேண்டும். 1,400 கொடுத்து அலவன்ஸ் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது.

‘ஃபாஸ்ட் பேஸ்ட்’ என்பதற்கு நான் படிக்கும் பொருள்: இரண்டு பேர் வேலைக்கு ஒரே நாற்காலி. அப்படியானால் ஓவர்டைம் கணக்கைக் கேட்டே ஆக வேண்டும். 1,700-ஐ 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8.17 வரும். சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. தினம் 2 மணி நேரம், மாதத்தில் 20 நாள் தங்கினால் ஏறக்குறைய 490 ரிங்கிட். மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குகிறவர்களுக்கு இது சட்டப்படி உரியது. “எல்லாம் சம்பளத்திலேயே அடக்கம்” என்றால் அந்த 490 போயிற்று!

‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்றால் சொல்லித்தர ஆளில்லை. முன்பு இருந்தவர் ஏன் போனார், கணக்குப் புத்தகத்தை யார் ஒப்படைப்பார்கள் என்று கேட்கச் சொன்னேன். தங்கை போன் போட்டாள். சம்பளத்தை “நேரில் பேசலாம்” என்றார்களாம்.