ஐப்பசிக்கு முன்: மாடித் தள நாட்குறிப்பு

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒட்டடைக் கம்பின் நுனியில் பென்சிலைக் கட்டி, அப்பாவின் கட்டிலுக்கு மேலே உள்ள ஈரக் கறையைச் சுற்றிக் கோடு இழுத்தேன். பக்கத்தில் தேதியும் எழுதினேன். நேற்றிரவு மழை அரை மணி நேரம்கூடப் பெய்யவில்லை. விடிவதற்குள் கறை ஒரு சாண் வளர்ந்திருந்தது.

கட்டிலை நகர்த்தலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தார்.

செப்டம்பர் 10, புதன்

மாடியை அளந்தேன். முப்பது அடிக்கு இருபத்து நான்கு, 720 சதுர அடி. ஒழுகலை அடைக்க இதுவரை தொலைபேசியில் நான் விலை கேட்ட எல்லோரும் அந்த எண்ணோடு நின்றுவிட்டார்கள். கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரமாவது ஏற்றிப் பூச வேண்டாமா? நான்கு பக்கமும் சேர்த்துச் சுற்றளவு 108 அடி. அதையும் கூட்டினால் 828. இனி யார் விலை சொன்னாலும் 828-க்குத்தான் கணக்குப் போடுவேன்.

கும்பகோணத்தில் இந்தத் தெருவில் இப்படிப்பட்ட தளம் இன்னும் நான்கைந்து வீடுகளில் இருக்கிறது. தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சாய்வாகச் செருகிய சின்னச் செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. விலை சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இது கான்கிரீட் தளம் இல்லை என்பதே தெரியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

கோட்டிங் போடுகிறவர் வந்தார். அக்ரிலிக், நடுவில் வலைத்துணி, மேலே இரண்டு கை. சதுர அடிக்கு 38 ரூபாய். என் கணக்கில் 31,464. ஐந்து ஆண்டு உத்தரவாதம் எழுதித் தருகிறேன் என்றார். பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் போதுமாம்.

அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் வடகிழக்கு மூலையில் தண்ணீர் நிற்கிறதே, அங்கே இது தாங்குமா? பதில் சொல்லாமல் விலையில் இரண்டு ரூபாய் குறைத்தார். தண்ணீர் தேங்கும் இடத்தில் அக்ரிலிக் ஊறி, மென்மையாகிப் பிடிப்பை விடும். எதிர் வீட்டில் மூன்றாவது ஆண்டே பாம்புச் சட்டைபோல் உரிந்து கிடந்ததை நானே பார்த்தேன். ஆகவே ஐந்தை நான்கு என்று எழுதிக்கொண்டேன். அந்த இரண்டு ரூபாயைக் கழிக்காமல், ஆண்டுக்கு, சதுர அடிக்கு ஒன்பதரை ரூபாய்.

செப்டம்பர் 13, சனி

அப்பா இரவு முழுதும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மழை இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

மெம்பிரேன்காரர். தார் சேர்ந்த தடித்த சுருள், நான்கு மில்லிமீட்டர். எரிவாயுத் தீயால் அடிப்புறத்தை உருக்கித் தளத்தில் ஒட்டுவார்கள். ஒரு சுருளின் விளிம்பு மற்றதன் மேல் நான்கு அங்குலம் ஏற வேண்டும், அந்த ஒட்டில் ஒரு விரல் இடம் பிழைத்தாலும் முழுச் சுருளும் வீண் என்று அவரே சொன்னார். அந்த நேர்மை பிடித்திருந்தது. ஒட்டுவதற்கு 85 ரூபாய். வெயிலில் அப்படியே விட்டால் சீக்கிரம் வெடிக்கும் என்பதால் மேலே காப்புக் கலவைக்கு 40. ஆக 125, மொத்தம் 1,03,500. பத்து ஆண்டு என்றார்.

விலையைவிட எனக்குக் கவலை வேறு. மாலையில் மூன்றடிப் பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரத்தையும் நாடாவால் ஒட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தாளின் உட்புறம் முழுதும் முத்து முத்தாக நீர். ஆறு நாளாக மழை கிடையாது. அப்படியானால் இது தளத்துக்குள்ளேயே இருக்கும் ஈரம். சுண்ணாம்புத் தளம் மழையில் கொஞ்சம் குடிக்கும், வெயிலில் மேல் வழியாக ஆவியாக விட்டுவிடும். இத்தனை காலம் அப்படித்தான் பிழைத்திருக்கிறது. மேலே தார்ச் சுருளை ஒட்டினால் உள்ளே இருக்கும் ஈரத்துக்குப் போக்கு கீழ்ப்பக்கம்தான், கட்டைகளை நோக்கி. வெயில் ஏறியதும் அடியில் ஆவி கிளம்பிச் சுருளைக் கொப்புளமாகத் தூக்கவும் செய்யும். கான்கிரீட் தளமாக இருந்து, நன்றாகக் காய்ந்தும் இருந்தால் நான் மெம்பிரேனைத்தான் எடுத்திருப்பேன். இந்தத் தளத்துக்கு வேண்டாம்.

ஆண்டுக்குப் பன்னிரண்டரை ரூபாய். அதையும் அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அண்ணன் பேசினான். "முப்பதாயிரத்தில் முடிகிறதே, கோட்டிங் போட்டுவிடு. பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றான். பிறகு என்றால் எதற்குப் பிறகு என்று நான் கேட்கவில்லை. அவனும் உடனே பேச்சை மாற்றினான்.

செப்டம்பர் 20, சனி

ஓடு பதிக்க விலை கேட்கப்போய் ஒருவர் அதிரவைத்தார். பழைய தளத்தைப் பெயர்க்கவே வேண்டாமாம், அதன் மேலேயே மூன்று அங்குலம் செங்கல் ஜல்லித் தளம் போட்டு ஓடு ஒட்டிவிடலாமாம், செலவு குறையுமாம். அவர் போனபின் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 720 சதுர அடியில் கால் அடி கனம் என்றால் 180 கன அடி. ஏறக்குறைய பத்து டன். சுவரில் செருகிய தேக்குக் கட்டைகளின் மேல் புதிதாகப் பத்து டன், அதற்கு அடியில் அப்பா.

இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

கொத்தனார் வந்தார். எழுபது வயதுக்கு மேல். அப்பாவைப் பார்த்து, "என்ன ஐயா, நான் மேலே நடக்கிற சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினார். அப்பா சிரித்தார். பல நாளுக்குப் பிறகு.

முதலில் ஒரு மூங்கில் குச்சியால் ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போனார். நடுவில் கெட்டியான சத்தம். கிழக்குச் சுவரை நெருங்க நெருங்கப் பானையைத் தட்டுவதுபோல் ஒலித்தது. குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். நூறு அடிக்கு ஓர் அடி சரிவு வேண்டும், அதாவது இந்த இருபத்து நான்கு அடிக்கு மூன்று அங்குலத்துக்குச் சற்றே குறைவு. இருப்பது ஓர் அங்குலம்தான். எப்போதோ யாரோ தூம்புவாயைச் சுற்றிச் சிமென்ட் பூசி மேடாக்கியிருக்கிறார்கள். தண்ணீர் தூம்புவரை வந்து திரும்புகிறது.

மாடி முழுதும் தண்ணீர் கட்டிச் சோதிக்கலாமா என்று கேட்டேன். ஓர் அங்குலம் கட்டினாலே 1,700 கிலோ, இந்த வயதுக் கட்டைக்கு அந்தச் சோதனை எதற்கு என்றார். ஆறடிக்கு ஆறடியாகக் களிமண் வரப்புக் கட்டினார், நடுவில் ஒன்று, வடகிழக்கு மூலையில் ஒன்று. ஒவ்வொன்றும் 85 கிலோதான். மாலை நான்கு மணிக்கு நீர் விட்டோம்.

நாலே முக்காலுக்கு மூலையில் விட்டது கீழே சொட்டியது. அப்பாதான் முதலில் சொன்னார்.

செப்டம்பர் 22, திங்கள்

மாலை நான்கு மணி. நடு வரப்பில் நீர் சிறிது வற்றியிருக்கிறது. கீழே கையை வைத்துப் பார்த்தேன். ஈரமில்லை. முழுதாக ஒரு நாள் தாங்கிவிட்டது.

இத்தனை நாளும் எல்லோரும் 720 சதுர அடிக்கு விலை சொன்னார்கள். நானும் 828 என்று திருத்திப் பெருமையோடு கணக்குப் போட்டேன். ஒழுகுவது சுவரும் தளமும் சேரும் ஓரத்தில், கிழக்கே 24 அடியும் வடக்கே 10 அடியும். கோட்டிங் போட்டிருந்தால் நல்ல இடத்துக்கெல்லாம் பூசிவிட்டு இந்த வெடிப்பின் மேல் ஒரு தோலை இழுத்திருப்போம். வெயிலில் சுவர் ஒரு பக்கமும் தளம் ஒரு பக்கமும் நகரும்போது முதலில் கிழிவது அந்தத் தோல்தான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஓரத்தில் நான்கு ஓடுகளைப் பெயர்த்தார். அடியில் சுண்ணாம்பு தயிர்போல் குழைந்திருந்தது, அதற்குள் அரசங்கன்றின் வேர் விரல் பருமனில். கன்றை நான் இரண்டு முறை வெட்டியிருக்கிறேன், வேரை எடுக்கவில்லை. பிறகு கீழே வந்து ஏணி வைத்து, கட்டைகள் சுவருக்குள் போகும் முனையில் திருப்புளியால் குத்திப் பார்த்தார். ஒன்றில் மட்டும் அரை அங்குலம் இறங்கியது. மற்றவற்றில் முனைகூட ஏறவில்லை. அந்த ஒன்றுக்குக் கீழே ஒரு தாங்கல் கொடுத்தால் போதும், உள்ளே வைரம் இருக்கிறது என்றார். திருப்புளி இறங்கிய அந்த நொடி நான் மூச்சு விடவில்லை.

முழுத் தளத்தையும் பெயர்த்து, சுண்ணாம்புத் தளம் அடித்து, சரிவு சரிசெய்து தட்டோடு பதிக்கச் சதுர அடிக்கு 180. தளத்துக்கு 1,29,600, சுற்றுச்சுவர் ஓரத்துக்கு அடிக்கு 90 வீதம் 9,720. மொத்தம் 1,39,320. இருபது ஆண்டு என்று குறைத்தே வைத்தாலும் ஆண்டுக்கு ஏழாயிரத்துக்குள். கோட்டிங் ஆண்டுக்கு 7,866. இருப்பதிலேயே விலை கூடியதுதான் கடைசியில் மலிவு. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் வறண்ட நாட்கள் வேண்டும். கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அடிக்க ஒரு வாரம், பிறகு ஈரச் சாக்குப் போட்டுக் காக்க வேண்டும். சுண்ணாம்பு சிமென்ட் இல்லை, அவசரப்படாது. "இப்போது தளத்தைத் திறந்தால் ஐப்பசி மழை நேரே ஐயா மேல்தான் விழும். ஓரத்தை மட்டும் இப்போது செய்வோம். மிச்சம் தையில்" என்றார் கொத்தனார்.

தையில்.

செப்டம்பர் 25, வியாழன்

வேலை தொடங்கியது. ஓரம் 34 அடி, அடிக்கு 320 வீதம் 10,880. தூம்புக்கு நான்கு அங்குலக் குழாய், மேட்டை வெட்டியெடுப்பது எல்லாம் சேர்த்து 4,500. ஆக 15,380. சுண்ணாம்பும் செங்கல் தூளும்தான், சிமென்ட் மூட்டை ஒன்றுகூட வீட்டுக்குள் வரவில்லை. மூலையைச் செங்கோணமாக விடாமல் உள்ளங்கை படிகிற வளைவாக இழுக்கிறார், தண்ணீர் சுவரோடு ஒட்டி நிற்காமல் வழிந்துவிடும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கரணையும் ரசமட்டமும் குங்குமம் வைத்துக்கொண்டு திண்ணையில் இருக்கின்றன. வானம் மூடியிருக்கிறது. இன்னும் எட்டு அடி பாக்கி.

அக்டோபர் 4, சனி

முடிந்தது. சாக்கு விரித்து, காலையும் மாலையும் நீர் தெளிக்கிறேன். மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறேன்.

அக்டோபர் 8, புதன்

அப்பாவுக்குக் காய்ச்சல். மாலை தெளிக்க மறந்துவிட்டேன். இரவு பதினொன்றுக்கு விளக்கை எடுத்துக்கொண்டு மேலே போய்த் தெளித்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

சாக்கை எடுத்தேன். நகத்தால் கீறினேன், தடம் விழவில்லை. ஓர் இடத்தில் மயிரிழைக் கோடு, ஒரு கை நீளம். கொத்தனார் வந்து சுண்ணாம்புப் பாலைத் தூரிகையால் இரண்டு முறை ஊட்டினார். கீழே அப்பாவோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார், என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

இரவு 1.20. பிடித்துவிட்டது. தூம்பிலிருந்து தண்ணீர் கற்பலகையில் விழும் சத்தம் தெருவரை கேட்கிறது, இதற்கு முன் இப்படிக் கொட்டியதே இல்லை.

2.05. கறை பென்சில் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது.

2.40. அப்பா விழித்திருக்கிறார். வாளியை எடுத்துவிடச் சொல்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.

3.15. கோட்டுக்குள்தான்.