சிட்டையில் எழுதி, பேரேட்டில் ஏற்றி

கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அதன் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. ஆங்கில இலக்கணம் ஓரளவு தெரியும். விண்ணப்பம் எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் விருந்தினர்கள் வாய் திறந்தால் அந்த இலக்கணம் கைகொடுக்கவில்லை. அவர்கள் சொற்களைத் தனித்தனியாக உதிர்ப்பதில்லை. ஐந்தாறு சொற்கள் ஒரே மூச்சில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்தத் தொடரை முழுதாக ஏற்கெனவே கேட்டுப் பழகியிருந்தால்தான் பிடிபடும். அதற்காகத்தான் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

அந்தக் குறிப்பேட்டுக்கு ஒழுங்கு வந்தது எங்கள் விடுதியில் கணக்குப் பார்க்கும் பெரியவரால். இளவயதில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நான் கண்ட இடத்தில் கண்டபடி கிறுக்குவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது சிட்டை. இதை அன்றன்றைக்குப் பேரேட்டில் ஏற்றவில்லை என்றால் கணக்கே இல்லை” என்றார். வியாபாரக் கணக்கில் அன்றாட வரவு செலவு நடந்த வரிசையில் சிட்டையில் விழும். பிறகு யார் பேரில், எந்த இனத்தில் என்று பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். அன்றைக்கே கடையில் ஒரு பெரிய நோட்டு வாங்கினேன். சட்டைப்பையில் இருப்பது சிட்டை, வீட்டில் இருப்பது பேரேடு. அன்று முதல் அப்படித்தான் நடக்கிறது.

சிட்டையில் என்ன எழுத வேண்டும் என்பது பழகப் பழகத் தெளிவானது. புதிய சொல்லை மட்டும் எழுதினால் மாலையில் அது செத்த சொல்லாகக் கிடக்கும். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார், அதற்கு என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். முழு வாக்கியமும் காதில் நிற்காவிட்டால் கேட்ட ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிடுவேன். எழுத்துக்கூட்டலை மாலையில் தேடிக்கொள்ளலாம். விருந்தினர் முன்னால் நோட்டை எடுப்பதே இல்லை. நம் பேச்சை எழுதிக்கொள்கிறான் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு நிம்மதி இருக்காது. மனதுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டே சாவிப் பலகைக்குப் பின்னால் போய்த்தான் எழுதுவேன். பெயரும் அறை எண்ணும் எழுதுவதில்லை. அவர்கள் தங்களுக்குள் அந்தரங்கமாகப் பேசுவது எவ்வளவு நல்ல தொடராக இருந்தாலும் நோட்டில் ஏறாது.

பேரேட்டில் அதிகப் பக்கங்களை எடுத்துக்கொண்டது ஒரு தொடர்தான். வயதான ஆங்கிலேயத் தம்பதி தங்கியிருந்தார்கள். வீட்டின் உள்முற்றமான வளவில், மரத்தூண் ஓரமாக நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. அந்த அம்மையார் புதிதாகச் சேர்ந்திருந்த பையனிடம், “வுட் யூ மைண்ட் இஃப் வீ ஹேட் அவர் காபி ஹியர்?” என்று கேட்டார். பையன் மலர்ந்த முகத்தோடு “யெஸ், யெஸ் மேடம்” என்றான். அம்மையார் உட்காரப் போனவர் உட்காரவில்லை. கணவரைப் பார்த்தார். உணவுக்கூடப் பொறுப்பாளர் அண்ணன் அந்த வழியாக வந்தவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, “நாட் அட் ஆல், ப்ளீஸ்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள்.

சிட்டையில் அன்று இருந்தது இவ்வளவுதான்: “உஜு மைண்டிஃப் வீயட் காபி. யெஸ் - தயங்கினார். நாட்டடால் - உட்கார்ந்தார்.” மாலையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். முதலில் ஒலி. “வுட்” என்பதன் கடைசி ஒலியும் “யூ” என்பதன் முதல் ஒலியும் வேகப் பேச்சில் கலந்து “ஜு” ஆகிவிடுகின்றன. அதனால்தான் ஏட்டில் படித்த சொல் காதில் விழும்போது அடையாளம் தெரிவதில்லை. அடுத்தது பதில். கேள்வியின் உள்ளே இருப்பது, நாங்கள் இங்கே குடித்தால் உங்களுக்குச் சங்கடமா என்பது. “யெஸ்” என்றால் ஆமாம், சங்கடம்தான் என்று பொருள்படும். நாமும் தமிழில் “உங்களுக்குச் சிரமம் ஒன்றுமில்லையே?” என்று ஒருவர் கேட்டால் “இல்லை, இல்லை” என்றுதானே சொல்கிறோம்? அப்படி எடுத்துக்கொண்டதும் பதில் தானாக வாயில் வந்தது.

மூன்றாவதாக, “ஹேட்” என்ற இறந்தகாலம். நடக்காத காபிக்கு எதற்கு இறந்தகாலம் என்று அன்று விளங்கவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன். அடுத்தடுத்த வாரங்களில் இதே வகைத் தொடர்கள் விழுந்தன: “ஐ வாஸ் ஒண்டரிங் இஃப்” என்று ஒருவர் கூடுதல் தலையணை கேட்டார், “ஐ வாண்டட் டு ஆஸ்க்” என்று ஒருவர் ஆத்தங்குடிக்கு வண்டி கேட்டார். நான்கைந்து சேர்ந்த பிறகு பக்கத்தைப் பார்த்தால் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே இறந்தகாலம் காலத்தைக் காட்டவில்லை. கேட்பதைச் சற்றுத் தள்ளி வைத்துப் பணிவாக்குகிறது. இலக்கணப் புத்தகத்தில் இதே செய்தி இருக்கிறது. ஆனால் அந்தத் தலையணையும் வண்டியும் இல்லாமல் எனக்கு அது ஏறியிருக்காது.

அந்தப் பக்கத்தில் பிற்பாடு ஒரு திருத்தமும் சேர்ந்தது. அமெரிக்கர் ஒருவர் இன்னொருவரிடம் “டூ யூ மைண்ட்?” என்று நாற்காலியைக் காட்டிக் கேட்க, அவர் “ஷுர், கோ அஹெட்” என்றார். விதிப்படி பார்த்தால் அது மறுப்பாக வேண்டும். ஆனால் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். ஆக, தாய்மொழிக்காரர்கள் வாயில் இந்த விதி அவ்வளவு இறுக்கமாக இல்லை. குரலும் கையும் மீதியைச் சொல்லிவிடுகின்றன. வேலையில் நிற்கிற நமக்கு “நாட் அட் ஆல்” என்பதே எப்போதும் ஆபத்தில்லாதது என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

யார் சொன்னார் என்பதை ஏன் விடாமல் குறிக்கிறேன் என்றால், செட்டிநாட்டுக்கு வரும் வெளிநாட்டவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் கணிசம். அவர்களும் நம்மைப் போலவே ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர்கள். ஒரு குடும்பம் மதியம் வந்து இறங்கியபோது, “வீ வில் இவென்ச்சுவலி டேக் டின்னர் ஹியர்” என்றார்கள். ஆங்கில அகராதிப்படி “இவென்ச்சுவலி” என்றால் கடைசியில், முடிவாக. அப்படியானால் இரவுச் சாப்பாடு உறுதி. எங்கள் அடுக்களையில் சொன்ன பிறகுதான் நண்டு வாங்க ஆள் போகும், பணியாரத்துக்கு மாவு ஆட்டுவார்கள். ஆனால் அவர்கள் சொன்ன தொனியில் உறுதி இல்லை. சிட்டையில் “பிரெ.” என்று குறித்துக் கேள்விக்குறி போட்டேன். அவர்களிடமே மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிடுமாறு கேட்டுக்கொண்டேன். ஐந்து மணிக்கு, காரைக்குடியில் வெளியே சாப்பிடப் போவதாகச் சொன்னார்கள்.

புதுச்சேரியிலிருந்து குழுக்களை அழைத்து வரும் வழிகாட்டி ஒருவர் அடுத்த முறை வந்தபோது இதைக் காட்டினேன். பிரெஞ்சில் ஏறக்குறைய இதே உருவில் ஒரு சொல் இருக்கிறது, அதற்கு “ஒருவேளை” என்றுதான் பொருள் என்றார். “ஆக்சுவலி” என்பதும் அப்படித்தான். பிரெஞ்சில் அதைப் போன்ற சொல்லுக்கு “தற்போது” என்று பொருள். “ஆக்சுவலி வீ ஸ்டே இன் மதுரை” என்று அவர்கள் சொன்னால், இப்போதைக்கு மதுரையில் தங்கியிருக்கிறோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பேரேட்டில் இதற்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறேன். அது புரிந்துகொள்வதற்கு மட்டும். அதைப் பார்த்து நாமும் அப்படியே பேசுவதற்கு அல்ல. கேட்டதையெல்லாம் நல்ல ஆங்கிலம் என்று நம்பி மனப்பாடம் செய்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இதனால்தான் ஒவ்வொரு பதிவுக்கும் ஓரத்தில் “கே” அல்லது “பே” என்று போடுகிறேன். “கே” கேட்டுப் புரிந்துகொள்ள, “பே” நானே பேச. சாப்பாட்டு மேசையில் குழம்பு ஊற்றப் போகும்போது “ஐ ஆம் குட்” என்றால் போதும், வேண்டாம் என்று அர்த்தம். அது “கே”. பாராட்டு என்று நினைத்து இன்னொரு கரண்டி ஊற்றிவிடக் கூடாது. இளைஞர்கள் தங்களுக்குள் சொல்லும் “நோ வொரீஸ், மேட்” என்பதும் “கே”தான். எழுபது வயது விருந்தினரிடம் நான் அதைச் சொன்னால் நன்றாக இருக்காது. பொறுப்பாளர் அண்ணன் விருந்தினரிடம் சொல்பவை பெரும்பாலும் “பே”யில் சேரும். ஏனென்றால் அவர் நிற்கும் இடத்தில்தான் நானும் நிற்கிறேன்.

மாலை வேலை இப்படி. வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டதும் சிட்டையைப் பிரிப்பேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு பதிவுக்கு மேல் ஏற்றுவதில்லை, மீதியை அடித்துவிடுவேன். பேரேட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் நிலைமையைத் தமிழில் எழுதுவேன்: “வளவில் காபி குடிக்கலாமா என்று கேட்கிறார்கள், சம்மதம் சொல்ல வேண்டும்.” வலப்பக்கம் ஆங்கிலத் தொடர். பிறகு வலப்பக்கத்தை அட்டையால் மறைத்து, இடப்பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெறுமனே கண்ணால் ஓட்டினால் எல்லாம் தெரிந்தது போலத்தான் இருக்கும். அட்டை வைத்தால்தான் வராதது எது என்று தெரியும். அதே தொடரை மாற்றி எனக்கு வேண்டிய வாக்கியம் ஒன்றும் கட்டுவேன்: “வுட் யூ மைண்ட் வெயிட்டிங் ஹியர் ஃபார் எ மினிட்?” மறுநாள் சாவி எடுக்கப் போகும்போது அது உடனே பயன்படும்.

அன்றைக்கே செய்வதற்குக் காரணம் உண்டு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதியில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே நடந்துவிடுகிறது, பிறகு மெதுவாகிறது. என் கிறுக்கலும் அதற்குச் சாட்சி. “உஜு மைண்டிஃப்” என்பதை அன்று மாலை என்னால் பிரிக்க முடிந்தது. இரண்டு நாள் கழித்திருந்தால் அது என்னவென்றே தெரிந்திருக்காது. ஏற்றியதை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று தேதி போட்டு மறுபடி அட்டை வைத்துப் பார்க்கிறேன். தடுமாறினால் தேதி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். திரும்பத் திரும்பத் தடுமாறுகிற தொடர் பெரும்பாலும் நான் சரியாகப் புரிந்துகொள்ளாத தொடராகவே இருக்கும். அதை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, மறுபடி யாராவது சொல்லக் கேட்கும்வரை காத்திருப்பேன்.

அப்படிக் காத்திருப்பதில் இப்போது ஒன்று, “ஃபேர் இனஃப்”. அறை மாற்ற முடியாது என்று நான் விளக்கியபோது ஒருவர் சொன்னார். இருவர் விவாதித்துக்கொண்டிருந்து, ஒருவர் விட்டுக்கொடுக்கும்போது சொன்னார். விலை சொன்னதும் ஒருவர் தோளைக் குலுக்கிக்கொண்டு சொன்னார். சரி, நியாயம்தான், போகட்டும் என்ற மூன்றுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. மார்ச் தாண்டினால் வெளிநாட்டவர் வரத்து குறைந்துவிடும். அதற்குள் இன்னும் இரண்டு பேர் வாயில் கேட்டால் நல்லது. அதுவரை அது “கே” பக்கத்தில்தான் இருக்கும்.