உதட்டோரக் கொப்புளம், வாய்க்குள் புண், வீட்டில் பச்சிளங்குழந்தை

மாசி மகம் முடிந்த கையோடு எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வாய்ப்புண் வந்தது. எனக்கு மேலுதட்டின் ஓரத்தில், என் மகளுக்குக் கீழுதட்டின் உள்பக்கத்தில். நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தாள், குழந்தை பிறந்து இன்னும் மாதம் நிறையவில்லை. குழந்தை மட்டும் வீட்டில் இல்லையென்றால் நான் இதை இத்தனை கவனமாகப் பார்த்திருக்கவே மாட்டேன்.

அம்மாவைப் பொறுத்தவரை இரண்டுமே சூடுதான். மகளுக்கு மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுத்தார். எனக்கு, குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மெடிக்கல் ஷாப்பிலும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் தந்தார்கள்: வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஒரு பேஸ்ட், கூடவே பி காம்ப்ளக்ஸ் மாத்திரை. பேஸ்ட் டியூபின் மேல் ட்ரையம்சினலோன் என்று போட்டிருந்தது. அது ஸ்டீராய்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எதையும் கேட்காமல் தடவ வேண்டாம் என்று அன்று சாயங்காலமே மகளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

அந்த டாக்டரம்மா முதலில் மகளின் உதட்டை மடக்கி டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். மிளகு அளவுக்கு ஒரே ஒரு வட்டக் குழி. நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிலும் சிவப்பு விளிம்பு. கொப்புளம் வந்து உடைந்த அடையாளமே இல்லை. அப்புறம் என் உதட்டைக் கண்ணாடியில் காட்டினார். உதட்டுச் சிவப்பும் முகத்தோலும் சேரும் கோட்டின் மேலேயே, கடுகு கடுகாக நாலைந்து நீர்க்கொப்புளங்கள் ஒரே கொத்தாக எழும்பத் தொடங்கியிருந்தன. மகளுக்கு இருப்பது ஆப்தஸ் அல்சர். யாரிடமிருந்தும் வராது, யாருக்கும் ஒட்டாது. எனக்கு இருப்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸின் முதல் வகையால் வருவது, ஒட்டும்.

பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல இடம்தான் முதல் அடையாளம் என்றார். ஒட்டாத புண், வாய்க்குள் தோல் மெத்தென்று அசைகிற இடங்களில் வரும்: கன்னத்தின் உட்பக்கம், உதட்டின் உட்பக்கம், நாக்கின் ஓரமும் அடியும். திரும்பத் திரும்ப வருகிற வைரஸ் புண் பெரும்பாலும் உதட்டின் வெளியோரத்தில்தான் வரும். எப்போதாவது வாய்க்குள் வந்தால் எலும்போடு ஒட்டி இறுகியிருக்கும் ஈறிலோ மேலண்ணத்தின் முன்பகுதியிலோ வரும். இரண்டாவது அடையாளம், தொடக்கம். எனக்குப் புண் தெரிவதற்கு முன்பே அந்த இடத்தில் சுருசுருவென்று ஊறலும் லேசான எரிச்சலும் இருந்தது. மகளுக்கு அப்படி எதுவும் இல்லை, நேராக வலிதான்.

எனக்கு இது முதல் தடவை இல்லை. கல்லூரி நாட்களிலிருந்து வந்து வந்து போகிறது. வரும்போதெல்லாம் அதே மேலுதட்டு ஓரம். ஏன் இடம் மாறுவதே இல்லை என்று கேட்டேன். இந்த வைரஸ் முதலில் உடம்புக்குள் வருவது பெரும்பாலும் சின்ன வயதில், பெரியவர்கள் கொடுக்கும் முத்தத்தோடு. சில குழந்தைகளுக்கு அப்போது கடுங்காய்ச்சலும், ஈறு வீங்கி வாயெல்லாம் புண்ணுமாக இருக்கும். பலருக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும். அதன்பின் வைரஸ் முகத்து நரம்பு வழியாகப் பின்னோக்கிப் போய், மண்டையோட்டுக்குள் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சில் படுத்துக்கொள்கிறது. அங்கிருந்து அதை எந்த மருந்தாலும் வெளியேற்ற முடியாது. கடும் வெயில், காய்ச்சல், தூக்கக்கேடு, மாதவிலக்கு, மனக்கவலை என்று ஏதாவது ஒன்று கிளப்பிவிட்டால் அதே நரம்பு வழியாக இறங்கி அதே இடத்தில் தலைகாட்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரிக்காகக் காலையிலிருந்து வெட்டவெளியில் நின்றதைச் சொன்னேன். அந்த வெயில் ஒன்றே போதும் என்றார்.

அக்கியைப் பற்றியும் கேட்டேன். உடம்பில் பட்டையாக வருகிற அக்கி, சின்னம்மை வைரஸின் வேலை. அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் வேறு வைரஸ். காவி பூசினால் இரண்டுமே அடங்காது.

ஸ்டீராய்டு பேஸ்டைப் பார்த்ததும் என் உதட்டில் வைக்கவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அது அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியை அடக்கும். மகளின் புண்ணில் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குவதால் அதை அடக்கினால் ஆறுகிறது. என் புண்ணில் பெருகுவது வைரஸ். அங்கே எதிர்ப்பை அடக்கினால் வைரஸுக்குத்தான் லாபம். ஒரே டியூப் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்குக் கெடுதல். கடைகளில் இரண்டுக்கும் இதையே எடுத்து நீட்டுவதை நினைத்தால் எனக்கு இன்னமும் பதைக்கிறது.

எனக்கு வாலாசைக்ளோவிர் எழுதினார். 2 கிராம் அப்போதே, இன்னொரு 2 கிராம் 12 மணி நேரம் கழித்து, அத்தோடு சரி. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் அதைக் கேட்டுக்கொண்டுதான் எழுதினார். ஊறல் தொடங்கிய உடனே போட்டால்தான் முழுப் பலன். கொப்புளம் உடைந்த பிறகு போட்டுப் பெரிதாக ஆகப்போவதில்லை. சீக்கிரம் போட்டாலும் குறைவது ஒரு நாள் அளவுதான் என்று ஒளிக்காமல் சொன்னார். அசைக்ளோவிர் களிம்பு தடவுவதானால் பகலில் நாலு மணிக்கொரு தரம், நாளைக்கு ஐந்து முறை, விடாமல் தடவ வேண்டும். பலன் மாத்திரையைவிடக் கொஞ்சம் குறைவு.

அப்புறம் குழந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கே அவர் குரலே மாறியது. பெரியவர்களுக்கு இது சில நாள் அவஸ்தை. பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு இதே வைரஸ் மூளையிலும் கல்லீரலிலும் பரவி உயிரையே எடுக்கலாம். புண்ணிலிருந்து வடியும் நீரில்தான் வைரஸ் மிக அதிகம், எச்சிலிலும் இருக்கும். பொருக்கு தானாக உதிர்ந்து புதுத்தோல் மூடும்வரை குழந்தையை முத்தமிடக் கூடாது, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சக் கூடாது. புண்ணே இல்லாத நாட்களில்கூட எச்சிலில் வைரஸ் வெளிப்படுவது உண்டு. அதனால் முதல் சில மாதம் யாருமே குழந்தையின் வாயிலும் முகத்திலும் கையிலும் முத்தமிடாமல் இருப்பதுதான் நல்லது. கை எதற்கு என்றால், குழந்தை அதைத்தான் வாயில் வைத்துக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துதான் போனாள். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, தோலில் கொப்புளம் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நரம்பு வழியாக ஏற்றும் அசைக்ளோவிர் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று டாக்டர் சொன்னதையும் சொல்லிவைத்தேன். நல்லவேளை, எதுவும் நேரவில்லை.

குழந்தையைக் குளிப்பாட்டுவது அதுவரை என் வேலை. அதை அம்மா எடுத்துக்கொண்டார். தூக்கியே ஆக வேண்டிய நேரத்தில் மாஸ்க் போட்டு, சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தூக்கினேன். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். என் டம்ளர், துண்டு, தலையணை உறை எல்லாம் தனி. எங்கள் வீட்டில் எல்லோரும் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறவர்கள் என்பதால் அதில் சிரமம் இல்லை. சிரமம், பார்க்க வந்த உறவினர்களிடம்தான். ஒரு பெரியம்மா சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டுச் சேனை வைக்க வந்தார், அவர் உதட்டோரத்திலும் காய்ந்த பொருக்கு. அம்மாவே முன்னால் போய், யாரும் சேனை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். பெரியம்மாவுக்கு மனத்தாங்கல்தான். அது எத்தனை நாளானாலும் பரவாயில்லை.

ஹெர்பிஸ் என்ற பெயரைக் கேட்டதும் தங்கையின் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாலுறவில் வருகிற நோய் என்று கேள்விப்பட்டிருக்கிறார். அந்தரங்க உறுப்பில் வருவது பெரும்பாலும் இந்த வைரஸின் இரண்டாவது வகை. முதல் வகையும் வாய்வழி உறவில் அங்கே போகலாம். ஆனால் உதட்டில் இருப்பதை வைத்து ஒருவரின் நடத்தையை எடைபோட இதில் எதுவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குள் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரிடம் முதல் வகை இருக்கிறது. இதை அவரிடம் நேராகவே சொன்னேன்.

என் புண் ஆறிய விதம்: கொத்துக் கொப்புளங்கள் ஒன்றாகி உடைந்து நீர் வடிந்தன. அந்தக் கட்டத்தில்தான் எரிச்சலும் அதிகம், ஒட்டும் ஆபத்தும் அதிகம். பிறகு தேன் நிறத்தில் பொருக்கு கட்டியது. சாப்பிட வாயைத் திறந்தால் பொருக்கு வெடித்து ரத்தம் வரும். அதற்கு வாஸலின்தான் உதவியது. டப்பாவில் விரலை விடாமல், ஒவ்வொரு தடவையும் புதுப் பஞ்சுக் குச்சியால் எடுத்து ஒற்றினேன். வலிக்குச் சுத்தமான துணியில் சுற்றிய ஐஸும் பாரசிட்டமாலும். புளிப்பு, ஊறுகாய், கருவாடு எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். சுண்ணாம்பு, பற்பசை என்று ஆளாளுக்குச் சொன்ன எதையும் பூசவில்லை, அவை தோலை இன்னும் எரித்துவிடும். கண்ணைக் கசக்கக் கூடாது என்பதில் மட்டும் எப்போதும் ஞாபகமாக இருந்தேன். விரல்வழி கண்ணுக்குப் போனால் கருவிழியில் புண் வந்து பார்வையே மங்கலாம். சாதாரணமாக ஏழிலிருந்து பத்து நாளில் ஆறிவிடும் என்றார்கள், எனக்கும் அப்படியே ஆறியது. இப்போது வெளியே போனால் வெயில் தடுப்புள்ள லிப் பாம் போடுகிறேன். அடுத்த தடவைக்கான மாத்திரையை டாக்டர் சீட்டோடு வாங்கி வீட்டிலேயே வைத்திருக்கிறேன்.

மகளின் புண்ணுக்குக் காரணம் பல்லில் போட்டிருந்த கிளிப். கம்பி முனை உதட்டில் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பல் டாக்டர் முனையை வெட்டி, மேலே ஒட்டிக்கொள்ள மெழுகு கொடுத்தார். நான் வாங்கிவந்த அதே பேஸ்ட் அவளுக்குச் சரியான மருந்துதான். படுக்கும்முன் பஞ்சால் ஈரத்தை ஒற்றிவிட்டு, தேய்க்காமல் மெல்லிசாகப் படியவைக்க வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்தாள், நுரை குறைவான பற்பசைக்கு மாறினாள். அடிக்கடி வருகிறது என்றதால் ரத்தத்தில் இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் மூன்றையும் பார்க்கச் சொன்னார்கள். இரும்பு குறைவாக இருந்தது, மாத்திரை நடக்கிறது. வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் அம்மாவுக்கும் அங்கேயே ஒன்று சொல்லி அனுப்பினார்கள்: வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாய்க்குள் எந்தப் புண்ணும் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் களிம்பு தேடாமல் நேராக வந்து காட்ட வேண்டும், அது புற்றுநோயா என்று பார்த்தாக வேண்டும்.